புயலிடம் பேசிவிட்டேன்

அன்புள்ள மச்சான்,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை என்று நீ திட்டி முடித்திருப்பாய். மிச்சத்தை நேரில் வைத்துக்கொள். முதலில் என் குழுவில் இருக்கும் நம்ம புயல் கதையைக் கேள்.

வேலையில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. மூன்று பேர் வேலையை ஒருவனாக முடிப்பான். கூட்டத்தில் அந்த மூன்று பேர் பேச்சையும் அவனே பேசிவிடுவான், அதுதான் தொல்லை. முதல் தடவை கூப்பிட்டுப் பேசி நான் சொதப்பினேன். பத்து நிமிடம் பாராட்டி, நடுவில் "மற்றவர்களையும் பேச விடு" என்று செருகி, மறுபடி பாராட்டி அனுப்பினேன். சிரித்த முகமாகப் போனான். பாராட்டு மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது!

அடுத்த கூட்டத்தில் நான் பேசாமல் நோட்டில் கோடு போட்டேன். நாற்பது நிமிடத்தில் பதினோரு முறை அடுத்தவர் பேச்சை வெட்டியிருந்தான். புதிதாகச் சேர்ந்த பெண் "பழைய கணக்குகளை மாற்றும்போது..." என்று மூன்று முறை ஆரம்பித்தாள். மூன்று முறையும் அங்கேயே நின்றுபோனாள். நான்காவது முறை ஆரம்பிக்கவே இல்லை.

அன்று மாலையே அவனோடு தனியாக உட்கார்ந்தேன். "நீ அடக்கி ஆள்கிறாய்" என்றால் அது வசவு, சண்டைக்கு வந்திருப்பான். குணத்தைத் தொடாமல் பார்த்ததை மட்டும் சொன்னேன்: அவள் மூன்று முறை ஆரம்பித்தாள், மூன்று முறையும் நீ குறுக்கே பேசினாய், பிறகு அவள் நோட்டை மூடிவிட்டாள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

"நான் சொன்னது சரிதானே?" என்றான்.

"சரிதான். அவள் என்ன சொல்ல வந்தாள்?"

அவனுக்குத் தெரியவில்லை. போய்க் கேட்டான். பழைய கணக்குகளில் ஒரு பகுதிக்குத் தேதி எழுதும் முறையே வேறாம். அவன் திட்டப்படி மாற்றியிருந்தால் அத்தனையும் குளறுபடியாகியிருக்கும். திரும்பி வந்தபோது முகம் சுருங்கியிருந்தது. அப்புறம் கேட்டான் பார், இன்னும் குத்துகிறது: "எந்தக் கேள்வி வந்தாலும் நீங்கள் முதலில் என் முகத்தைத்தானே பார்க்கிறீர்கள்?"

உண்மைதான். பதில் சீக்கிரம் கிடைக்குமே என்று அவனை வளர்த்துவிட்டதே நான்தான். இப்போது அவனிடம் கடைசியில்தான் கேட்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் ஐயா மௌன விரதம்! அதுவும் ஆகாது, அவன் சொல்வதும் வேண்டுமே. மறுபடி கூப்பிட்டு, பேசாதே என்று சொல்லவில்லை, அடுத்தவர் முடிக்கும் வரை பொறு, யாராவது பாதியில் நின்றால் நீயே இழுத்து விடு என்றேன். நேற்றுக் கணக்கு நாலு கோடு. அதில் ஒருமுறை பாதியில் தானே நிறுத்தி, "நீ சொல்லு" என்று அவளைப் பார்த்தான்.

அடுத்த மாதம் ஆண்டு மதிப்பீடு. மேலே இருப்பவர்கள் அவன் முடித்த வேலையை மட்டும் பார்த்துப் பதவி உயர்வு கொடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. பதினொன்று நாலானதை எழுதுவதா, பதினொன்று இருந்ததை எழுதுவதா? நீ என்ன செய்வாய் என்று எழுது. போனில் வேண்டாம். போனில் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை.

உன்
பழைய பெஞ்சுக்காரன்