பூட்டுக்கு 850

அன்புள்ள மாப்பிள்ளை,

நீ வீட்டைக் காலி செய்து முப்பத்தெட்டு நாள் ஆகிவிட்டது. முன்பணத்தைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. நீயும் கேட்கவில்லை. நீ கேட்காததுதான் எனக்கு உறுத்துகிறது. வேறு யாராவது குடியிருந்திருந்தால் இதற்குள் மூன்று முறை சண்டைக்கு வந்திருப்பார்கள். மின்கட்டண ரசீது வரட்டும் என்று காத்திருந்தேன் என்பது பாதி உண்மை. உன்னிடம் பணக்கணக்குப் பேசக் கூச்சம் என்பது மீதி.

முதலில் ஒரு கணக்குப் போட்டேன். உன் 60,000-இல் 29,330 பிடித்தம் என்று வந்தது. என் மனைவி அதைப் படித்துவிட்டு, "இதில் வீட்டுக்காரர் செலவு எது, குடியிருந்தவர் செலவு எது என்று பிரித்தீர்களா?" என்றாள். பிரிக்கவில்லை. உட்கார்ந்து திரும்பப் போட்டேன்.

பெரிய தொகை சுண்ணாம்பு, பெயின்ட் சமாச்சாரம்தான். வீடு முழுவதற்கும் 18,000 ஆனது. அப்படியே உன் தலையில் கட்டியிருந்தேன். ஆனால் மூன்று வருடம் குடியிருந்தால் சுவர் மங்கத்தான் செய்யும். காலண்டர் மாட்டிய ஆணித் துளையும் அப்படியே. அதெல்லாம் வாடகையிலேயே அடங்கியது, என் செலவு. கூடத்துச் சுவர் வேறு விஷயம். உன் மகன் மூன்றடி உயரத்தில் மெழுகு வண்ணத்தில் ஒரு ரயில் விட்டிருக்கிறான். எண்ணிப் பார்த்தேன், பதினொரு பெட்டி. தேய்த்தும் போகவில்லை. அந்த ஒரு சுவரை மட்டும் அடித்தால் நிறம் ஒட்டாது என்று பெயின்டர் சொன்னதால் கூடம் முழுவதும் அடித்தோம், 6,000. அதையும் முழுதாக உன்னிடம் வாங்க முடியாது. நீ வந்தபோது புதிதாக அடித்த பெயின்ட் அது. ஐந்து வருடம் தாங்கும் என்று வைத்தால், மூன்று வருடத்து உழைப்பு தீர்ந்துவிட்டது. மீதி இரண்டு வருடத்துக்கான பங்குதான் உன்னுடையது: 2,400. எப்படியும் அடிக்கவேண்டிய பெயின்டை உன் காசில் புதிதாக அடித்துக்கொள்வது நியாயமில்லையே.

கைகழுவும் தொட்டி விரிசலுக்கு 3,400 என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தேன். பிறகு நீ குடிவந்த அன்று நாம் எடுத்த படங்களைத் தேடினேன். குழாய்க்குக் கீழே அதே விரிசல், மயிரிழையாக, அன்றே இருக்கிறது. வெட்கமாகப் போயிற்று. அந்த வரியை அடித்துவிட்டேன். அலமாரியைப் பிடுங்கியபோது பெயர்ந்து விழுந்த பூச்சுக்கு 900 மட்டும் நிற்கிறது. நம் நெட்டையன் உதவிக்கு வந்தால் சுவர் மிஞ்சுமா?

மின்கட்டணம் வந்தது 1,580, மொத்தம் 316 யூனிட். ஆனால் நீ போன பிறகு பெயின்டரும் விளக்குப் போட்டிருக்கிறார். முந்தைய ரசீதில் மீட்டர் 8,150. நீ கிளம்பிய அன்று நாம் படம் எடுத்தபோது 8,412. ஆக உன் பங்கு 262 யூனிட். சராசரி யூனிட்டுக்கு 5 வீதம் 1,310. அந்தப் படம் இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஊகத்தில்தான் பேசிக்கொண்டிருப்போம்.

மற்றவை சுருக்கமாக: கடைசி மாதத்தில் இருந்த பத்து நாளுக்கு வாடகை, 12,000-இல் மூன்றில் ஒரு பங்கு, 4,000. தண்ணீர்க் கட்டணம் மூன்று மாத பாக்கி, 600. மூன்று சாவி கொடுத்தேன், இரண்டுதான் திரும்பி வந்தது. பூட்டு மாற்றியது 850. கூட்டினால் 10,060. உனக்கு வரவேண்டியது 49,940. எல்லாம் கொடுத்து முடித்த பணம், எவரும் வாயால் சொன்ன மதிப்பீடு அல்ல. ரசீதுகளையும் படங்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

இனி கொஞ்சம் கோபப்படுகிறேன். தண்ணீர்ப் பணத்தை மூன்று மாதம் கட்டாமல் விட்டதை ஏன் சொல்லவில்லை? உன் வேலை போனதே எனக்கு வேறொருவர் சொல்லித்தான் தெரியும். முன்பணத்தில் கழித்துக்கொள்வேன் என்று நினைத்தாயா, அல்லது கேட்டால் நான் முகம் சுளிப்பேன் என்று நினைத்தாயா? எதுவாக இருந்தாலும் எனக்கு வலிக்கிறது. அதற்காக 600-ஐத் தள்ளுபடி செய்யவில்லை. செய்தால் நீ இன்னும் கூனிக் குறுகுவாய் என்று தெரியும்.

கணக்கில் எங்கே இடிக்கிறது என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்து எழுது. நம் வாத்தியார் உன்னைத்தானே கணக்குப் புலி என்பார். பிழை இருந்தால் திருத்துகிறேன். ஆனால் அதற்காகப் பணம் காத்திருக்காது. வங்கிக் கணக்கு எண் பழையதுதானா என்று மட்டும் சொல், அன்றே 49,940-ஐ அனுப்பிவிடுகிறேன்.

அந்த மூன்றாவது சாவி இனிமேல் உன் பெட்டியில் கிடைத்தாலும் அனுப்பாதே. அது திறக்கும் பூட்டு இப்போது இல்லை.

உன்,
வீட்டுக்காரன்