900 டாலரில் எங்கே எவ்வளவு குறைந்தது என்று வரவு அறிவிப்பிலேயே எழுதுங்கள்: வங்கிகளின் அந்நியச் செலாவணிப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் ஃப்ரீலான்சர்களின் கணக்குகளைப் பார்ப்பவர்கள் நாங்கள். "பேசின தொகை ஒண்ணு, வந்த தொகை ஒண்ணு, நடுவுல எங்க போச்சு?" மாதக் கடைசியில் எங்களிடம் வரும் கேள்வி இதுதான். இதற்கான விடையில் பெரும்பகுதி உங்கள் கணினியிலேயே இருக்கிறது. அதை வாடிக்கையாளரின் கையில் கொடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவில் இருக்கும் ஒருவர் 1,000 டாலருக்கு வேலை கொடுக்கிறார். இருவரையும் இணைத்த ஃப்ரீலான்ஸ் தளம் தன் கட்டணமாக 10 சதவீதம், அதாவது 100 டாலர் எடுத்துக்கொள்கிறது. இந்தக் கழிவுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஆனாலும் இதில் மறைவு எதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும், தளமே ரசீதும் தரும். வருமானக் கணக்கில் முழு 1,000 டாலரையும் வரவாகக் காட்டி 100 டாலரைச் செலவாக எழுதிவிடலாம். தளத்தைப் பற்றி இங்கே எங்களுக்கு வேறு பேச்சில்லை.

மிச்சம் 900 டாலர், வங்கிகள் நாடு கடந்து கட்டளை அனுப்பிக்கொள்ளும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாகக் கிளம்புகிறது. வழியில் ஓர் இடைநிலை வங்கி 20 டாலர் பிடிக்கிறது. உங்களிடம் வந்து சேர்வது 880. சந்தை விலைக்கு அளவுகோலான அன்றைய ரெஃபரன்ஸ் ரேட் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் போடும் வாங்கும் விலை 83.60. ஆக 73,568 ரூபாய். அதில் செலாவணி மாற்றத்துக்கான ஜிஎஸ்டி 132.42 போகிறது: ஒரு லட்சம் வரை மாற்றிய தொகையில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாகக் கொண்டு, அதன் மேல் 18 சதவீதம். வரவைக் கையாளும் கட்டணம் 200 ரூபாய் என்றால் ஜிஎஸ்டியோடு 236. கணக்கில் விழுவது 73,199.58.

900 டாலரை 85 ரூபாயால் பெருக்கினால் 76,500. குறைந்தது 3,300.42. இதில் இடைநிலை வங்கி எடுத்த 20 டாலரின் மதிப்பு 1,700 ரூபாய். விலை வித்தியாசத்தில் போனது 1,232. பாஸ்புக்கில் கட்டணம் என்ற பெயரில் தெரிவதோ 132.42, 236 என்ற இரண்டு சின்ன வரிகள் மட்டும்தான். போன பணத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கு எந்த வரியிலும் இல்லை.

முதலில் அந்த 20 டாலர். "இடைநிலை வங்கி எடுத்ததற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்பதுதான் கிளைகளில் வழக்கமாகக் கிடைக்கும் பதில். எடுத்தது நீங்கள் இல்லை, சரி. எவ்வளவு எடுத்தார்கள் என்ற விவரம் உங்களுக்கு வந்த செய்தியிலேயே இருக்கிறதே! ஸ்விஃப்ட் செய்தியின் பழைய MT103 வடிவத்தில் 33B என்ற இடத்தில் அனுப்பச் சொன்ன தொகை, 32A-இல் வந்து சேர்ந்த தொகை, 71F-இல் வழியில் பிடித்த கட்டணம் என்று மூன்றும் தனித்தனியாக இருந்தன. 2025 நவம்பரிலிருந்து வங்கிகளுக்கு இடையே நாடு கடந்து செல்லும் கட்டளைகள் pacs.008 வடிவத்துக்கு மாறிவிட்டன. அதிலும் அதே விவரம் இப்படி வரும்:

```
<IntrBkSttlmAmt Ccy="USD">880.00</IntrBkSttlmAmt>
<InstdAmt Ccy="USD">900.00</InstdAmt>
<ChrgBr>SHAR</ChrgBr>
<ChrgsInf>
  <Amt Ccy="USD">20.00</Amt>
  ...
</ChrgsInf>
```

SHAR என்றால் செலவை இரு தரப்பும் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று பொருள். பழைய வடிவத்தில் இதுவே SHA. அனுப்புபவர் தன் வங்கியில் OUR என்று தேர்ந்தெடுத்திருந்தால் இங்கே DEBT என்று வரும், கட்டணம் முழுவதும் அவர் தலையில். DEBT என்று வந்தும் தொகை குறைந்திருந்தால் நடுவில் யாரோ எடுக்கக்கூடாததை எடுத்திருக்கிறார்கள். அனுப்பிய வங்கி வழியாக அதைக் கேட்டுப் பெறலாம். ஆனால் எந்தக் குறியீட்டில் வந்தது என்று தெரியாமல் ஃப்ரீலான்சர் யாரிடம் போய்க் கேட்பார்? SHAR என்று தெரிந்தாலாவது அடுத்த முறை OUR-ஆக அனுப்பச் சொல்லலாம், அல்லது நான்கு சின்னத் தொகைகளை ஒரே தொகையாகச் சேர்த்து வாங்கலாம். 20 டாலர் 225 டாலரிலும் போகும், 900 டாலரிலும் போகும்.

எனவே வரவு அறிவிப்பில் அனுப்பிய தொகை, வந்த தொகை, குறியீடு, பிடித்த கட்டணம், கூடவே ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனி அடையாளமான UETR எண் ஆகியவற்றை அச்சிடுங்கள். அந்த 36 எழுத்து எண் கையில் இருந்தால் அனுப்பியவரின் வங்கி பணம் போன பாதையைத் தேடிப் பார்க்க முடியும். இதில் கணக்குச் சிக்கலும் ஒன்று உண்டு. இன்வாய்ஸில் 1,000 டாலர், வரவுச் சான்றிதழில் 880 என்று இருந்தால், ஏற்றுமதி ஜிஎஸ்டி ரீஃபண்ட் கேட்கும்போது அந்த 120 டாலருக்கு விளக்கம் சொல்ல வேண்டிவரும். 100-க்குத் தளத்தின் ரசீது இருக்கிறது. 20-க்குக் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

அடுத்தது விலை. வங்கி லாபம் பார்ப்பதில் எங்களுக்கு வருத்தமில்லை. 83.60 என்ற எண்ணை மட்டும் தனியாகப் போடும்போது அது நல்ல விலையா என்று யாருக்கும் தெரிவதில்லை. நிதிச் சந்தைகளின் அளவுகோல் விலைகளைக் கணிக்கும் எஃப்பிஐஎல் நிறுவனம் ஒவ்வொரு வேலை நாளும் ரெஃபரன்ஸ் ரேட் வெளியிடுகிறது. அதை உங்கள் விலைக்குப் பக்கத்தில் அச்சிட்டு, வித்தியாசத்தை ரூபாயில் காட்டுங்கள். காலையில் போட்ட கார்டு ரேட்டா, மாற்றிய நேரத்தின் சந்தை விலையா என்பதையும் குறிப்பிடுங்கள். டாலர் வேகமாக ஏறும் நாளில் இரண்டுக்கும் இடைவெளி பெரிது.

பணம் வந்தவுடன் கேட்காமல் ரூபாயாக மாற்றிவிடும் வழக்கத்தையும் மாற்ற வேண்டும். ஏற்றுமதி வருமானம் முழுவதையும், வெளிநாட்டு நாணயம் ஈட்டுவோருக்கான இஇஎஃப்சி கணக்கில் டாலராகவே வைக்கலாம். வட்டி கிடையாது, அடுத்த மாதக் கடைசிக்குள் மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். 2019-இல் தொடங்கிய எஃப்எக்ஸ்-ரீட்டெய்ல் தளத்தில் சிறு வாடிக்கையாளரும் தன் வங்கி வழியாகச் சந்தை விலையில் டாலர் விற்கலாம். இரண்டையும் பற்றிக் கிளையில் கேட்டால் பெரிய கம்பெனிகளுக்கான விஷயம் என்பது போலப் பேசுகிறார்கள். டாலர் வந்ததும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, இன்றைய விலை இது, மாற்றவா வைக்கவா என்று கேட்டால் போதும்.

எல்லாக் குறையும் உங்கள் கையில் இல்லை என்பதும் தெரியும். தளமே ரூபாயாக மாற்றி உள்நாட்டுப் பரிமாற்றமாக அனுப்பினால் நீங்கள் டாலரைப் பார்ப்பதே இல்லை. அங்கே விலை தளத்துடையது. அனுப்புபவரின் வங்கி அங்கேயே ரூபாயாக மாற்றி அனுப்பினாலும் அப்படித்தான். அந்த வரவுகளுக்கு இந்த மடலில் எதுவும் கேட்கவில்லை. டாலராக உங்கள் வாசலுக்கு வந்த பணத்துக்கு மட்டும் கேட்கிறோம்.

இப்படிக்கு,
ஃப்ரீலான்சர்களின் கணக்கெழுதுவோர் சிலர்