ஹைபெரிகம் காப்ஸ்யூலைக் கைமாற்றும் மருந்தாளுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மருந்தாளுநர்களே,

ஹைபெரிகம் காப்ஸ்யூலை வைட்டமின் டப்பாக்களுக்குப் பக்கத்தில் அடுக்கி, கேட்டவருக்கெல்லாம் எதுவும் விசாரிக்காமல் கொடுப்பதை நிறுத்துங்கள். மனச்சோர்வுக்கு எடுக்கப்படும் மூலிகைதான், ஆனால் உடலுக்குள் மருந்தாகவே வேலை செய்கிறது.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த கருத்தடை மாத்திரையை ஒருநாளும் விடாமல் போடுகிறார். மனம் சோர்ந்திருக்கிறது என்று 300 மில்லிகிராம் ஹைபெரிகத்தைத் தினம் மூன்று வேளை தொடங்குகிறார். அதிலுள்ள ஹைபர்ஃபோரின், கல்லீரலிலும் குடலிலும் CYP3A4 என்ற நொதியைக் கூடுதலாக உருவாக வைக்கிறது. கருத்தடை ஹார்மோன்களைச் சிதைப்பதும் அதே நொதிதான். இரண்டு வாரத்துக்குள் அது உச்சத்தை எட்டிவிடும். மாத்திரையின் அளவு மாறாமலே ரத்தத்தில் ஹார்மோன் குறையும். மாதவிடாய்க்கு நடுவே திட்டுத்திட்டாக ரத்தம் பட்டால் அது ஓர் எச்சரிக்கை. படாவிட்டால் பாதுகாப்பு இருக்கிறது என்று அர்த்தமில்லை. கர்ப்பம்தான் முதல் அடையாளமாகவும் வரலாம்.

மாத்திரையையும் காப்ஸ்யூலையும் வேறு வேறு நேரத்தில் போட்டால் போதும் என்று சிலர் சொல்லி அனுப்புகிறார்கள். அது தவறு. இரண்டும் வயிற்றில் மோதிக்கொள்வதில்லை. கூடிப்போன நொதி நாள் முழுக்க அங்கேயே இருக்கிறது, காப்ஸ்யூலை நிறுத்திய பிறகும் சில வாரம் நீடிக்கிறது. ஆகவே நிறுத்திய நாளிலிருந்து 28 நாள் வரை ஆணுறை வேண்டும். தோலடி இம்பிளான்டுக்கும் இதே ஆபத்து உண்டு. காப்பர்-டி இதனால் பாதிக்கப்படுவதில்லை.

அந்தப் பெண்ணுக்கு மருத்துவர் செர்ட்ராலைன் என்ற மனச்சோர்வு மருந்தை எழுதுகிறார். காப்ஸ்யூல் விஷயத்தை அந்தப் பெண் சொல்லவில்லை, மருந்தென்றே நினைக்காததால். இப்போது சிக்கல் வேறு. ஹைபெரிகமும் செர்ட்ராலைனும் செரட்டோனினை நரம்புகளுக்கிடையே தேங்க வைப்பவை. இரண்டும் சேர்ந்தால், பெரும்பாலும் ஒரு நாளுக்குள், கை நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு, படபடப்பு, கால் தசை தானாகத் துடிப்பது எனத் தொடங்கும். இதைப் பதற்றம் என்று நினைத்து இன்னொரு காப்ஸ்யூல் போட்டுக்கொள்பவர்களை எண்ணித்தான் கவலைப்படுகிறோம். காய்ச்சல், தசை இறுக்கம், குழப்பம் வந்துவிட்டால் உடனே அவசரச் சிகிச்சை வேண்டும்.

ஹைபர்ஃபோரின் குறைந்த தயாரிப்புகள் நொதியை அவ்வளவாகத் தூண்டுவதில்லை. அதை நம்பி மனச்சோர்வு மருந்தோடு சேர்க்கச் சொல்லாதீர்கள். செரட்டோனின் ஆபத்து இல்லை என்று சொல்ல முடியாது.

ஏற்கெனவே காப்ஸ்யூலையும் மனச்சோர்வு மருந்தையும் சேர்த்துப் போடுபவர் வந்தால், மருத்துவர் எழுதிய மருந்தைத் திடீரென நிறுத்தச் சொல்ல வேண்டாம். காப்ஸ்யூலை நிறுத்தச் சொல்லி, அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். ஃபுளூவாக்ஸெடினை விட்டு ஹைபெரிகத்துக்கு மாற விரும்புபவரிடம், அந்த மருந்து உடலைவிட்டு நீங்க ஐந்து வாரம் வரை ஆகும் என்று சொல்லுங்கள்.

டப்பாவைக் கொடுக்குமுன், “கருத்தடை மாத்திரையோ மனச்சோர்வு மருந்தோ எடுக்கிறீர்களா, கடந்த ஐந்து வாரத்தில் எடுத்தீர்களா?” என்று கேளுங்கள். ஆம் என்றால் விற்காதீர்கள்.

இப்படிக்கு,
மருந்தியல் அறிந்த உங்கள் சக பணியாளர்கள்