லீலா எது, ஜிக்கி எது? காரைக்குடித் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

இரண்டாம் கட்டில் கிடந்த உங்க ஐயாவோட இசைத்தட்டுகளை எல்லாம் தூசி தட்டி, பாட்டுக்குப் பாட்டு பாடியவர் பெயரோடு பட்டியல் போட்டு அனுப்பியிருந்தீர்கள். ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958) படத்தின் ‘கண்ணும் கண்ணும் கலந்து’ பாட்டுக்கு மட்டும், எந்த வரி பி. லீலா, எந்த வரி ஜிக்கி என்று கேட்டீர்கள். தட்டின் லேபிளில் பெயர்கள் எந்த வரிசையில் இருந்தாலும், அதே வரிசையில்தான் பாடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திரையில் பத்மினியும் வைஜெயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடி மாறி மாறி வருவதை நம்பியும் பிரிக்காதீர்கள். காதுதான் முடிவு சொல்ல வேண்டும்.

முதலில் இருவரும் தனியாகப் பாடியதைக் கேளுங்கள். லீலாவுக்கு ‘மிஸ்ஸியம்மா’வின் (1955) ‘எனையாளும் மேரி மாதா’. ஜிக்கிக்கு ‘கல்யாணப் பரிசு’ (1959) படத்தின் ‘துள்ளாத மனமும் துள்ளும்’. இரண்டும் இந்தப் பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒட்டிய வருஷங்கள், அதனால் குரல் அதிகம் மாறியிருக்காது. லீலா கர்நாடக சங்கீதத்தில் தேர்ந்தவர். நீண்ட ‘ஆ’காரத்தில் கமகம் அழுத்தமாக விழும், குரலுக்கு ஒரு கனம் இருக்கும். ஜிக்கியின் குரல் மெல்லியது, மேல் ஸ்தாயியில் கூர்மையாகப் போகும். பிறகு டூயட்டுக்கு வாருங்கள். ஒருவர் மட்டும் நிதானமாக நீட்டுகிற வரிகளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். வேகமான இடங்களை அப்புறம் பார்க்கலாம். ஒரு வரியின் கடைசி எழுத்து அடங்கும் முன்பே அடுத்த வரி தொடங்கினால், அங்கே இருப்பது இரண்டு பேர். யார் யார் என்பதை மட்டும் அது சொல்லாது.

உங்க ஐயாவின் சாவி கொடுக்கும் கிராமபோனில் ஓட்டிக் கேட்கிறீர்கள் என்றால் கவனம். சுருள் தளர்ந்து 78 சுற்று 74 ஆகிவிட்டால், சுருதி ஏறக்குறைய அரை ஸ்வரம் இறங்கிவிடும். கூடவே குரலும் தடிக்கும். ஜிக்கி பாடியது லீலாவாகவே கேட்கும்! பல்லவி முதலில் வரும்போது ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையில் சேர்கிறது என்று பாருங்கள். அதே பல்லவி திரும்ப வரும்போது அந்தக் கட்டையைவிட இறங்கியிருந்தால் அந்த ஓட்டத்தை வைத்து எதையும் எழுத வேண்டாம். முழுசாகச் சாவி கொடுத்து மறுபடி ஓட்டுங்கள்.

போட்டி முற்றும் இடத்தில் ஸ்வரமும் ஜதியும் நொடிக்கு நொடி கை மாறும். அங்கே ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் வைக்க நினைத்தால் கற்பனைதான் மிஞ்சும். உறுதியான வரிகளுக்கு எதிரே ‘லீலா’, ‘ஜிக்கி’ என்று எழுதுங்கள். மற்றதற்கு ‘இருவரும்’ போதும். வீட்டு மணிவிழாவில் இந்தத் தட்டைப் போடும்போது மைக்கில் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்