“நான் பசிக்குது” என்று சொல்லும் பிள்ளைக்கு: அடுத்த மூன்று வாரப் பாடம் பற்றிப் பெற்றோருக்கு ஒரு மடல்

அன்புள்ள பெற்றோருக்கு ஸலாமும் வணக்கமும்.

வரும் சனிக்கிழமை முதல் மூன்று வாரத்துக்கு நம் இணையவழிப் பேச்சுத் தமிழ் வகுப்பில் ‘க்கு’ ஒன்றுதான் பாடம். திட்டத் தாளை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டுச் சிலர், “ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு வாக்கியம்தானா? பாதி நேரம் விளையாட்டாவே போயிடுதே? எழுத்து எப்போ?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விகள். ஆளுக்கு ஆள் தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லோருக்கும் சேர்த்து விளக்கமாகவே சொல்லிவிடுகிறோம்.

துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் கேட்டால் புரிகிறது. “செருப்பை எடுத்து உள்ள வை” என்றால் வைக்கிறார்கள். பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். தமிழில் சொல்லச் சொன்னால் “நான் பசிக்குது”, “நான் தண்ணி வேணும்”, “அக்கா தெரியும்” என்கிறார்கள். சொல் எல்லாம் சரிதான். விட்டுப் போனது ‘க்கு’ மட்டும்.

இது கவனக்குறைவு இல்லை. இங்கிலீஷில் பசிப்பவரும் சாப்பிடுபவரும் ஒரே ‘ஐ’தான். தமிழ் இரண்டையும் பிரிக்கிறது. நாமாகச் செய்வதற்கு ‘நான்’: நான் சாப்பிடுறேன், நான் ஓடுறேன். நமக்குள் தானாக நேர்வதற்கு ‘எனக்கு’: எனக்குப் பசிக்குது, வலிக்குது, தெரியும், புரியுது, பிடிக்கும், வேணும். இந்த இரண்டாவது வகையை உங்கள் வீட்டில் காலையிலிருந்து இரவு வரை எத்தனை முறை சொல்கிறீர்கள் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். சின்னப் பிள்ளையின் பேச்சில் பெரும்பகுதி அதுதான். அதனால்தான் இதற்கு மூன்று வாரம் ஒதுக்குகிறோம்.

இன்னொரு காரணம், இது பிள்ளைக்குச் சுலபம். ‘சாப்பிடு’ என்பதை நான் சாப்பிடுறேன், நீ சாப்பிடுறே, அவ சாப்பிடுறா என்று ஆளுக்குத் தக்கபடி மாற்ற வேண்டும். ‘வேணும்’ மாறவே மாறாது. எனக்கு வேணும், உனக்கு வேணும், தம்பிக்கு வேணும், எல்லாருக்கும் வேணும். இல்லை என்பதற்கு வேணாம், தெரியாது, பிடிக்காது என்று தனித்தனிச் சொல் இருக்கிறது, அவ்வளவுதான். ஐந்து வினைச்சொல்லும் ஐந்து ஆளும் தெரிந்தால் இருபத்தைந்து வாக்கியம் கையில் வந்துவிடும். நாங்கள் ‘ஒரே வாக்கியம்’ என்று எழுதுவதற்குள் இத்தனை இருக்கிறது.

முதல் வாரத் தாள் இப்படி இருக்கும்:

வாக்கியம்: எனக்கு ___ வேணும். எனக்கு ___ வேணாம். உனக்கு என்ன வேணும்?
சொற்கள்: பால், முட்டை, மீன், இடியாப்பம், தண்ணி, பழம்
வீட்டில்: ஒரு நாளைக்கு 5 நிமிடம், சாப்பாட்டு நேரத்தில்

ஆறு சொல்லும் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவை. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறோம். பனங்கிழங்கு, நுங்கு, நெத்திலி என்று நம் ஊர்ச் சொற்களைச் சேர்க்க எங்களுக்கும் ஆசைதான். ஆனால் புது வாக்கியமும் புதுச் சொல்லும் ஒரே வாரத்தில் வந்தால், பிள்ளை சொல்லைத் தேடுகிற தேட்டத்தில் ‘க்கு’வை விட்டுவிடும். அவை நான்காம் வாரத்தில் வரும், அப்போது வாக்கியம் பழகியிருக்கும்.

இனி விளையாட்டு. பேசாமலே ஜெயிக்க முடிகிற விளையாட்டை நாங்கள் வைப்பதில்லை. படத்தைத் தொட்டால் மணி அடிக்கிற விளையாட்டில் பிள்ளை குஷியாக இருக்கும், விரல் வேலை செய்யும், வாய் வேலை செய்யாது. கூட்டாகப் பாடுவதும் இணையத்தில் சரிப்படாது. ஒவ்வொருவர் குரலும் கொஞ்சம் பிந்தி வருவதால் தாளம் சிதறிப் போகும், யார் பாடினார், யார் வாயசைத்தார் என்று ஆசிரியருக்கும் தெரியாது.

இரண்டாம் வார விளையாட்டைக் கிட்டத்தில் காட்டுகிறோம். வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஒரு தாள் வரும். அதில் பக்கவாட்டில் நான்கு பேர்: உம்மா அல்லது அம்மா, வாப்பா அல்லது அப்பா, அக்கா, தம்பி. மேலே நான்கு சாப்பாட்டுப் படம். மொத்தம் பதினாறு கட்டம். எட்டுக் கட்டத்தில் மட்டும் சிரித்த முகமோ சுளித்த முகமோ இருக்கும், எட்டு காலி. ஜோடிப் பிள்ளையின் தாளில் அந்தக் காலி எட்டும் நிரம்பியிருக்கும், மற்றவை காலி. ஜூமில் தனி அறையில் இருவரும் ஒருவரையொருவர் கேட்டு நிரப்ப வேண்டும். ஆளுக்கு எட்டுக் கேள்வி, எட்டுப் பதில். குறைந்தது பதினாறு வாக்கியம் பேசாமல் தாள் நிரம்பாது.

துபாயில் இருக்கும் ஒன்பது வயதுப் பிள்ளையும் லண்டனில் இருக்கும் எட்டு வயதுப் பிள்ளையும் ஜோடி என்று வைத்துக்கொள்வோம். ஒன்று கேட்கிறது: “அக்காவுக்கு மீன் பிடிக்குமா?” மற்றது: “அக்கா பிடிக்கும்.” இப்போது கேட்ட பிள்ளை பென்சிலை வைத்துக்கொண்டு விழிக்கும். மற்றது சொன்னது அக்காவைப் பிடிக்கும் என்றா, அக்காவுக்கு மீன் பிடிக்கும் என்றா? இந்த இடத்தில் ஆசிரியர் ‘தப்பு’ என்று சொல்வதில்லை. “யாருக்குப் பிடிக்கும்?” என்று மட்டும் கேட்பார். “அக்காவுக்கு.” “ஆங், அக்காவுக்கு மீன் பிடிக்கும். எழுதிக்கோ.” சரியான வாக்கியம் காதில் விழுந்துவிட்டது, விளையாட்டும் நிற்கவில்லை. திருத்துவதற்கு இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியாது.

இரண்டாவது சுற்றில் தாளில் அக்காவும் பூனையும் மட்டும் இருக்கும். “அக்காவுக்குப் பூனையைப் பிடிக்கும், பூனைக்கு அக்காவைப் பிடிக்காது” என்று ஒரு பிள்ளை சொல்ல, மற்றது யாரிடமிருந்து யாருக்கு என்று அம்புக்குறி போட வேண்டும். ‘க்கு’ விட்டுப்போனால் அம்பு எந்தப் பக்கம் என்றே தெரியாது. ‘பூனையை’ என்பதில் உள்ள ஐ-யைப் பிள்ளை விட்டுவிட்டால் இப்போதைக்கு விட்டுவிடுவோம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் திருத்துகிறோம்.

தாளை அச்செடுத்துக் கையில் கொடுங்கள். திரையில் திறந்து வைத்தால், பகிர்கிற பொத்தானை ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும், இருவரும் பார்த்து நிரப்பிவிடுவார்கள், ஒரு சொல்கூடப் பேசாமல் ஆறு நிமிடம் முடிந்துவிடும். தாளில் எழுத்தே இருக்காது, படம் மட்டும்தான். இங்கிலீஷில் பெயர் எழுதிக் கொடுத்து உதவாதீர்கள், பிள்ளை அதைப் படித்துவிடும். காகிதத்தில் இருப்பதால் இன்னொரு வசதியும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே கரண்ட் போனாலும் ஆசிரியர் போனில் குரலை மட்டும் வைத்துப் பாடத்தை முடித்துவிடலாம்.

மூன்றாம் வாரத்துக்குள் பிள்ளை “எனக்குச் சாப்பிடுறேன்” என்று சொல்ல ஆரம்பிக்கலாம். பயப்படாதீர்கள், போன வாரம் வரை சரியாகச் சொன்னதைக் கெடுத்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். ‘க்கு’ மனதில் பிடித்துவிட்டது, எங்கே வேண்டும் எங்கே வேண்டாம் என்பது இன்னும் பிரியவில்லை. அதைப் பிரிக்கத்தான் மூன்றாம் வாரத்தில் இரண்டையும் ஒட்டி வைக்கிறோம்: “எனக்குப் பசிக்குது, நான் சாப்பிடப் போறேன்.” “எனக்குத் தூக்கம் வருது, நான் படுக்கப் போறேன்.” இது நடிப்பு விளையாட்டு. ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர் அடுத்த பாதியைச் சொல்லிக்கொண்டே நடிக்க வேண்டும்.

எழுத்து இந்த மூன்று வாரத்தில் இல்லை. எழுத்தில் ‘வேண்டும்’, ‘பசிக்கிறது’. காதில் ‘வேணும்’, ‘பசிக்குது’. எழுத்தை முதலில் பிடித்த பிள்ளை போனில் பாட்டியிடம் செய்தி வாசிப்பது போலப் பேசும், பாட்டி செல்லமாகச் சிரிப்பார், பிள்ளை அதோடு வாயை மூடிக்கொள்ளும். அன்று நடந்ததை ஐந்து வாக்கியத்தில் தானாகச் சொல்லத் தொடங்கிய பிறகு எழுத்துக்குப் போகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வருகிற குறிப்பில் மதிப்பெண் இருக்காது. மூன்று வரிதான்:

தானாகச் சொன்னது: “எனக்கு முட்டை வேணாம்.” “உனக்கு என்ன வேணும்?”
எடுத்துக் கொடுத்த பிறகு சொன்னது: “தம்பிக்குப் பால் பிடிக்கும்.”
வீட்டில்: எல்லாரிடமும் டீயா காபியா என்று கேட்டு வந்து சொல்லச் செய்யுங்கள்.

இரண்டாவது வரியில் இருப்பது அடுத்தடுத்த வாரங்களில் முதல் வரிக்கு ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டு வாரம் ஒரே இடத்தில் நின்றால் எங்களுக்குச் சொல்லுங்கள், ஜோடியை மாற்றிப் பார்ப்போம்.

மூன்றாவது வரிதான் உங்கள் வேலை. பிள்ளை அறைக்கு அறை போய், “உங்களுக்கு டீ வேணுமா, காபி வேணுமா?” என்று கேட்க வேண்டும். பெரியவர்களிடம் ‘உங்களுக்கு’, தம்பியிடம் ‘உனக்கு’. திரும்பி வந்து, “வாப்பாவுக்கு டீ வேணும், அம்மம்மாவுக்கு ஒண்ணும் வேணாம்” என்று சொன்னால்தான் அடுப்பு பற்றும். “டீ வேணுமா?” என்று மட்டும் கேட்டால் பதில் “ம்” என்று முடிந்துவிடும், அதனால் எப்போதும் இரண்டைச் சொல்லிக் கேளுங்கள். வாரம் அரை மணி நேர வகுப்பு மட்டும் போதாது. இந்த ஐந்து நிமிடம் நடக்காத வீட்டுப் பிள்ளையோடு அடுத்த சனிக்கிழமை பாதிப் பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டியிருக்கிறது.

வகுப்பு நேரத்தில் ஒரு வேண்டுகோள். கேமராவுக்குப் பின்னால் நின்று பதிலை முணுமுணுக்காதீர்கள். பிள்ளையின் கண் ஓரத்துக்குப் போவதிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஏழெட்டு நொடி அமைதியாக இருந்தால் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். அந்த நேரத்தில்தான் பிள்ளை வாக்கியத்தைக் கோக்கிறது.

தமிழ் கேட்டாலும் புரியாத பிள்ளைக்கு இந்த ஜோடி விளையாட்டு உதவாது, கூச்சம்தான் மிஞ்சும். அவர்களுக்குக் கேட்டுச் செய்கிற வகுப்பு தனியாக இருக்கிறது, கேளுங்கள்.

நேரம்: சனிக்கிழமை இந்திய நேரம் மாலை 6.30, துபாயில் மாலை 5, சிங்கப்பூரில் இரவு 9. லண்டனில் கோடையில் பிற்பகல் 2, அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் மாறிய பிறகு பிற்பகல் 1.

கடைசியாக, வியாழக்கிழமைக்குள் ஒரு குரல் பதிவு அனுப்புங்கள். வீட்டில் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் (லாத்தாவா, அக்காவா, காக்காவா, அண்ணனா), சோற்றில் ஊற்றுவது ஆணமா, குழம்பா, பிள்ளையிடம் ‘பேசு’ என்பீர்களா, ‘கதை’ என்பீர்களா என்று அதில் சொல்லுங்கள். உங்கள் வீட்டுச் சொல்லை நாங்கள் திருத்த மாட்டோம், அதை வைத்துத்தான் பிள்ளையின் தாளைத் தயாரிப்போம்.

அன்புடன்,
பேச்சுத் தமிழ் வகுப்பு ஆசிரியர்கள்,
கீழக்கரை