கோரிக்கை மனு: சென்னை – திருநெல்வேலி இரவு நேரப் படுக்கைப் பேருந்துகளின் பாதுகாப்பு குறித்து

அனுப்புநர்:
அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்பு ஆணையர் அவர்கள்,
சென்னை.

பொருள்: ஆம்னி படுக்கைப் பேருந்துகளில் அவசர வழி அடைப்பு, தாமதப் புறப்பாட்டை ஈடுகட்டும் அதிவேகம், மாற்று ஓட்டுநர் இல்லாமை ஆகியவற்றைப் புறப்படும் இடத்திலேயே ஆய்வு செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, என் மனைவி, ஒன்பது வயதுப் பேத்தி ஆகியோருடன் கிளாம்பாக்கத்திலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு தனியார் குளிர்சாதனப் படுக்கைப் பேருந்தில் வந்தேன். பேருந்தின் பதிவெண், நாள், பயணச்சீட்டு நகல், நான் எடுத்த படங்கள் ஆகியவற்றைத் தனி உறையில் இணைத்திருக்கிறேன். இதே வழியில் வாரந்தோறும் போய்வரும் மற்ற பயணிகளும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, மனுவில் நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் பயணத்தை மட்டும் விவரமாக எழுதுகிறேன். ஒரு நிறுவனத்துக்கு அபராதம் போட்டுவிட்டால் தீர்ந்துபோகிற விஷயமல்ல இது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். படுக்கை விரிப்பு சுத்தமாக இருந்தது. குளிர் அளவாக இருந்தது. எங்களுக்கு நடுப்பகுதியில் கீழ்ப்படுக்கை கிடைத்தது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் இருப்பதால் குலுக்கல் அங்கேதான் குறைவு. பின் சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிற மேல்படுக்கை, ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் தூக்கிப்போடும். வளைவில் ஆட்டமும் அங்கேதான் அதிகம். முதுகுவலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் விலை குறைவு என்று அந்த இடத்தைப் பதிவு செய்துவிட வேண்டாம். கால் ஓட்டுநர் பக்கம் இருக்கும்படி படுப்பதும் நல்லது. திடீர் பிரேக்கில் தடுப்பில் போய் மோதுவது தலையாக இருக்காது. வசதியைப் பொறுத்தவரை எனக்கு வேறு குறை இல்லை. வழியில் ஒரே ஓர் இடத்தில் பதினைந்து நிமிடம் நிறுத்தினார்கள், அங்கே பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்பதைத் தவிர.

புறப்பாடு இரவு 9 மணி, திருநெல்வேலி சேருவது காலை 6.30 என்று சீட்டில் இருந்தது. கிளம்பியது 10.40-க்கு. பயணிகள் வராததால் ஏற்பட்ட தாமதம் அல்ல இது. நாங்கள் எல்லோரும் 9 மணிக்கே படுத்துவிட்டோம். அதன் பிறகும் பேருந்தின் வயிற்றிலும் கூரையிலும் பார்சல் ஏறிக்கொண்டே இருந்தது. கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள்கோவில் என்று நிறுத்தி நிறுத்தி மேலும் மூட்டை ஏற்றினார்கள். பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டும்போது 11.50.

அங்கிருந்து திருநெல்வேலி புதிய பேருந்து நிலையம் வரை ஏறத்தாழ 570 கிலோமீட்டர். நாங்கள் இறங்கியது காலை 7.35. வழியில் நின்ற பதினைந்து நிமிடத்தைக் கழித்தால் ஓட்டம் ஏழரை மணி நேரம். சராசரி வேகம் மணிக்கு 76 கிலோமீட்டர் வருகிறது. இதில் விக்கிரவாண்டி, சமயபுரம், கப்பலூர் என்று பத்துக்குக் குறையாத சுங்கச்சாவடிகளில் வேகம் குறைத்து நகர்ந்ததும், மதுரையைச் சுற்றி வந்ததும், நெல்லை ஊருக்குள் ஊர்ந்ததும் அடக்கம். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80 கிலோமீட்டரில் நிறுத்தும் வண்டிக்கு இந்தச் சராசரி வரவே வராது. பாலம் ஏறினால் 60, சாவடியில் 10, ஊருக்குள் 30 என்று ஓடிய வண்டி 76 சராசரி காட்ட வேண்டுமென்றால், திறந்த சாலையில் அது 95-க்கும் 100-க்கும் இடையில் ஓடியிருக்க வேண்டும். கைபேசி வரைபடத்தில் பலமுறை பார்த்தேன், 98 காட்டியது. கருவியின் இணைப்பைக் கழற்றிவிட்டால் வண்டி தன் முழு வேகத்துக்குப் போகும். தகுதிச் சான்றுக்குப் போகும் நாளில் மாட்டிக்கொண்டால் போதும் என்பது பணிமனையில் வேலை பார்த்த எவருக்கும் தெரிந்த கதை.

பார்சல் ஏற்றிய அந்த ஒரு மணி நாற்பது நிமிடத்தைத்தான் நடுச்சாமத்தில் எங்கள் உயிரை வைத்து ஈடுகட்டினார்கள் என்று சொல்வேன். தாமதம் வேறு, ஆபத்து வேறு என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். இந்தச் சாலையில் ஒன்றுதான் மற்றதைப் பெற்றெடுக்கிறது.

துவரங்குறிச்சிக்குப் பக்கத்தில் தேநீருக்கு நிறுத்தியபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. அதற்கு முன்பே இரண்டு முறை வண்டி ஓரக் கோட்டின் மேல் ஏறித் திரும்பியதைப் படுத்தபடியே உணர்ந்தேன். சக்கரத்தின் ஓசை சட்டென்று மாறும், அடுத்த நொடி ஸ்டியரிங் வெடுக்கென்று திரும்பும். தூக்கம் தட்டுகிற ஓட்டுநரின் கைக்கு அதுதான் அடையாளம். பயணிகள் இந்த ஓசையை அறிந்து வைத்திருப்பது நல்லது. இறங்கிப்போய் அந்தத் தம்பியிடம் கேட்டேன்.

"தம்பி, மாத்து டிரைவர் எங்கப்பா?"

"அவரு லீவு போட்டுட்டாரு அண்ணாச்சி. நேத்து ராத்திரி நான்தான் ஓட்டிட்டு வந்தேன், இப்பவும் நான்தான். இதுல இன்னைக்கு லேட்டு வேற. ஏழு மணிக்குள்ள நெல்லைக்குப் போகலைன்னா ஆபீஸ்ல பேட்டாவுல பிடிச்சிருவாங்க."

வயது முப்பதுக்குள் இருக்கும். முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-இல் வந்தது. நாளுக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் இடையில் அரை மணியாவது ஓய்வு என்று அது வரையறுத்தது. அன்று அந்தப் பிள்ளை கிளாம்பாக்கத்தில் கிளம்பியதிலிருந்தே ஒன்பது மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவாகச் ஸ்டியரிங் பிடித்திருக்கிறார். கிடைத்த ஓய்வு அந்தத் தேநீர் நேரம் மட்டுமே. முந்தின இரவும் அவர் உறங்கவில்லை. அவருடன் பேசிக்கொண்டே வரலாம் என்று முன்னால் உட்காரப் போனேன். ஓட்டுநர் அறைக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையில் கதவு போட்டு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டித்தான் திறக்கச் செய்தேன். மதுரை தாண்டும்வரை அவர் அருகில் உட்கார்ந்து வந்தேன்.

அந்தக் கதவுதான் என் கவனத்தை மற்றவற்றின் பக்கம் திருப்பியது. திரும்பி வந்ததும் கைபேசி வெளிச்சத்தில் வண்டியை ஒருமுறை பார்த்தேன். 12 மீட்டர் நீளமுள்ள படுக்கைப் பேருந்துக்குக் குறைந்தது நான்கு அவசர வழிகள் வேண்டும். இதில் பின்பக்க அவசர வழிக்குக் குறுக்கே கடைசிப் படுக்கையின் பலகை நின்றது, அதன் கீழ் இடுப்பளவுக்கு அட்டைப் பெட்டிகள். பக்கவாட்டு அவசரக் கதவின் கைப்பிடி மேல் ஸ்டிக்கர் ஒட்டித் திரைச்சீலை தொங்கவிட்டிருந்தார்கள். பிடித்து இழுத்தேன், அசையவில்லை. கண்ணாடி உடைக்கும் சுத்தியல் மாட்டும் கொக்கிகள் நான்கு எண்ணினேன், ஒன்றில்கூடச் சுத்தியல் இல்லை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த தீயணைப்பான் உருளையின் முள் சிவப்பில் நின்றது. அழுத்தம் போய்விட்டது, அழுத்தினாலும் பொடி வராது.

அவசர வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதை நாடு பார்த்திருக்கிறது. 2013 அக்டோபர் 30 அன்று பெங்களூரு – ஐதராபாத் சாலையில், பாலெம் என்ற ஊருக்கருகே ஒரு சொகுசுப் பேருந்து எரிந்து 45 பேர் இறந்தார்கள். 2025 அக்டோபர் 24 அதிகாலை, கர்னூல் அருகே படுக்கைப் பேருந்து ஒன்று இரு சக்கர வாகனத்தில் மோதி, அதை அடியில் இழுத்துக்கொண்டு போனதில் தீப்பிடித்தது. உறக்கத்திலேயே பலர் கருகினார்கள். அந்த வண்டியில் கைபேசிகள் நிறைந்த பார்சல் இருந்ததாகவும் செய்திகள் வந்தன. படுக்கைப் பேருந்தின் உள்ளே இருப்பதெல்லாம் எரிபொருள்தான்: மெத்தையின் ஸ்பாஞ்சு, ரெக்சின், திரைச்சீலை, ஒவ்வொரு படுக்கைக்கும் சார்ஜ் போட இழுத்த ஒயர். தீக்கு முன்னால் புகை வந்துவிடும். இருட்டில், மேல்படுக்கையிலிருந்து, நடக்க ஓர் ஆளுக்கே இடமுள்ள நடைவழியில் இறங்கி, அடைபட்ட கதவைத் தேடுவதற்குப் பயணிக்குக் கிடைப்பது ஓரிரண்டு நிமிடம். என் பேத்தி உறங்கிக்கொண்டிருந்த இடத்திலிருந்து முன்வாசல் ஏழு படுக்கை தூரம்.

ஆகவே ஐயா, நான் கேட்பவை இவை.

ஆய்வு இப்போது பெரும்பாலும் தகுதிச் சான்று நாளிலும், விபத்து நடந்த வாரத்தில் சாலையோரத்திலும் நடக்கிறது. நடுவழியில் நிறுத்திப் பார்ப்பதால் தாமதம் கூடுகிறது, ஓட்டுநர் இன்னும் விரட்டுகிறார். அதைவிட, இரவு 8 முதல் 11 வரை கிளாம்பாக்கத்திலேயே மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டிக்குள் ஏறிப் பார்க்கட்டும். அவசர வழியை உள்ளிருந்து திறந்து காட்டச் சொல்ல வேண்டும். வெளியில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. சுத்தியல், தீயணைப்பான் முள், பயணிகள் பகுதியில் பார்சல், ஓட்டுநர் அறைக் கதவு ஆகியவற்றையும் சேர்த்து ஒரு வண்டிக்கு ஐந்து நிமிடம் போதும். மாற்று ஓட்டுநர் உரிமத்தோடு வண்டியில் இல்லையென்றால் வண்டி கிளம்பக் கூடாது.

வேகத்தைப் பிடிக்கப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு சாவடியையும் வண்டி தாண்டிய நேரம் ஃபாஸ்டேக் கணக்கில் பதிவாகிறது. இரண்டு சாவடிகளுக்கு இடையிலான தூரத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி கிடைத்துவிடும். நான் ஒரு தாளில் குறித்த கணக்கை உங்கள் துறை கணினியில் செய்யலாம். வழியில் நின்ற நேரமும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும், எனவே சராசரி குறைவாக வந்தால் அது வேக வரம்பை மீறவில்லை என்பதற்குச் சான்றாகாது. அதிகச் சராசரிக்கோ வேறு விளக்கமே கிடையாது. ஆம்னி பேருந்துகளின் மாதக் கணக்கை இப்படி எடுத்துப் பார்த்தாலே, எந்தெந்த வண்டியில் கருவி கழற்றப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவதாக, வண்டி கிளம்புமுன் விளக்கைப் போட்டு, அவசர வழி எங்கே, சுத்தியல் எங்கே, யார் ஓட்டுகிறார், மாற்று ஓட்டுநர் யார் என்று உதவியாளர் இரண்டு நிமிடம் தமிழில் சொல்வதை அனுமதி நிபந்தனையாக்க வேண்டும். சொல்லாவிட்டால் புகார் செய்ய வேண்டிய தொலைபேசி எண் ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலும் ஒட்டப்பட வேண்டும்.

அதுவரை இந்த வழியில் வரும் பயணிகள், ஏறியதும் படுக்காமல் முதலில் பின்பக்க வழியைப் போய்ப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பெட்டி அடுக்கியிருந்தால் வண்டி நிலையத்தில் நிற்கும்போதே இறக்கச் சொல்லுங்கள். கிளம்பிய பிறகு யாரும் இறக்க மாட்டார்கள்.

நான் குறிப்பிட்ட வண்டி இப்போதும் தினமும் ஓடுகிறது. உறையில் உள்ள பதிவெண்ணைக் கொண்டு, மேற்படி வண்டியை ஒரு வாரத்துக்குள் கிளாம்பாக்கத்தில் ஆய்வு செய்து, எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆய்வின்போது நான் நேரில் வர வேண்டும் என்றால் வருகிறேன். நடவடிக்கை வண்டியின் உரிமையாளர் மீது இருக்கட்டும். இரண்டு இரவு உறங்காமல் ஓட்டிய அந்தத் தம்பியின் உரிமத்தின் மீது வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மனுதாரர் கையொப்பம்)

இணைப்பு: மூடிய உறை – பயணச்சீட்டு நகல், பதிவெண், படங்கள் 6, சாவடி நேரக் குறிப்பு 1 தாள்.