கேட் எண்ணை மட்டும் படத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள்

கடலூரிலும் நெல்லிக்குப்பம், பண்ருட்டி, சிதம்பரம் பக்கத்திலும் டிராவல்ஸ், ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம் நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் நானும் உங்களைப் போல ஒரு கடை வைத்திருக்கிறேன். டிக்கெட் போட்டுக் கொடுப்பதோடு நம் வேலை முடிவதில்லை. முதல் முறை வளைகுடாவுக்குப் போகிறவர் சென்னை விமான நிலையத்துக்குள் நின்றுகொண்டு, கையில் வாங்கிய போர்டிங் பாஸைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். "அண்ணே, எந்த கேட், எத்தனை மணிக்குப் போகணும், சீட்டு எது, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்கிறார். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் நாம் படிக்கிறோம், குரல் பதிவில் பதில் போடுகிறோம். அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன வருடம் நெல்லிக்குப்பம் தம்பி ஒருவருக்கு நான் தப்பாகப் படித்துச் சொல்லிவிட்டேன். அவர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "கேட் 47, சீட் 128, மணி 2.35" என்றேன். மூன்றுமே தப்பு. கேட் 14, சீட் 12B, ஏற வேண்டிய நேரம் 1.35. நடுவில் ஒரு காவலர் அவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் பார்த்து வழி காட்டியதால் விமானத்தைப் பிடித்தார். அதற்கப்புறம் அந்தப் படத்தைப் பல முறை எடுத்துப் பார்த்து, எங்கே தவறினேன் என்று ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டேன்.

முதலில் 47. அது எங்கிருந்து வந்தது? பாஸில் SEQ என்று ஒரு கட்டம் இருக்கும். செக்-இன் செய்தவர்களில் இவர் எத்தனையாவது ஆள் என்கிற வரிசை எண் அது. பயணிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் அது GATE கட்டத்துக்குப் பக்கத்திலோ கீழேயோ உட்கார்ந்திருக்கும். GATE, SEAT, SEQ என்ற தலைப்புகள் காகிதத்தில் முன்பே அச்சாகி வருகிற பாஸ்களில், கவுன்டர் பிரிண்டர் எண்களை மட்டும் அடிக்கும். காகிதம் கொஞ்சம் நகர்ந்தால் எண் தன் தலைப்புக்குக் கீழே நிற்காமல் அடுத்த தலைப்புக்கு நேராக நின்றுவிடும். படம் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் ஒரு எண்ணை அதன் மேலே உள்ள தலைப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முழு வரியையும் பார்த்து, எத்தனை தலைப்பு, எத்தனை எண் என்று எண்ணிப் பொருத்துங்கள்.

அடுத்தது 128. B-யும் 8-ம் அந்த மங்கலான அச்சில் ஒன்றுபோலத்தான் தெரியும். D-யும் 0-வும் அப்படியே. இங்கே நமக்கு ஒரு நல்ல பிடி இருக்கிறது. சீட் எண் எப்போதும் எழுத்தில்தான் முடியும். 128 என்று ஒரு சீட்டே கிடையாது. 200 என்று படித்தால் அது 20D. ஒரே நடைபாதை உள்ள விமானத்தில் பெரும்பாலும் வரிசைக்கு A முதல் F வரை ஆறு இருக்கைகள். பாஸின் பெரிய பாகத்திலும் கிழித்துக் கொடுக்கும் சின்னப் பாகத்திலும் சீட்டும் விமான எண்ணும் இரண்டு முறை அச்சாகியிருக்கும். அதனால் இரண்டு பாகமும் தெரியும்படி படம் கேளுங்கள். போனில் எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதியைப் பயன்படுத்துகிறவர்கள் விமான எண்ணிலும் இதே குழப்பத்தைப் பார்ப்பீர்கள்: 6E என்பது GE ஆகும், AI என்பது A1 ஆகும்.

சீட், விமான எண், தேதி, புறப்படும் ஊர், சேரும் ஊர் ஆகியவற்றில் சந்தேகம் வந்தால் தீர்க்க இன்னொரு வழி உண்டு. பாஸில் இருக்கும் பார்கோடு. காகிதத்தில் அது பெரும்பாலும் PDF417 என்ற அகலமான கட்டம். போனில் நெட் இல்லாமலே அதைப் படிக்கும் ஸ்கேனர் செயலிகள் இருக்கின்றன. பேரையும் சில எண்களையும் மாற்றிவிட்டு, உள்ளே இருப்பது எப்படித் தெரியும் என்று காட்டுகிறேன்:

```
M1PAYANI/A            EKT5QBX MAADXBXY 0543 147Y012B0047 100
```

இடமிருந்து வாருங்கள். பெயர், அதன் பின் E, அடுத்து KT5QBX என்ற பி.என்.ஆர். MAA சென்னை, DXB துபாய். XY விமான நிறுவனத்தின் குறி, 0543 விமான எண். முன்னால் உள்ள சைபர் இடம் நிரப்பத்தான். 147 என்பது வருடத்தின் 147-ஆவது நாள், அதாவது மே 27. லீப் வருடமானால் மே 26. Y இருக்கை வகுப்பு. பிறகு 012B சீட், 0047 வரிசை எண். அச்சில் கண் தடுமாறிய 12B-யும் 47-ம் இங்கே தனித்தனியாக, சந்தேகமில்லாமல் நிற்கின்றன.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? கேட் இல்லை. ஏறும் நேரமும் இல்லை. சீட்டையும் விமான எண்ணையும் பார்கோடை வைத்துச் சரிபார்க்கலாம். கேட்டையும் நேரத்தையும் சரிபார்க்க அதில் ஒன்றும் கிடையாது. அதிலும் கேட் என்பது பாஸ் அடித்த நிமிடத்தில் இருந்த நிலவரம், அவ்வளவுதான். பிறகு மாறலாம். வீட்டிலிருந்தே வெப் செக்-இன் செய்து எடுத்த பாஸில் அந்தக் கட்டம் பல நேரம் காலியாகவே இருக்கும். நாம் எவ்வளவு சரியாகப் படித்தாலும் பழைய எண்ணைச் சரியாகப் படித்தவர்களாகத்தான் இருப்போம். அதனால் நான் இப்போது கேட் எண்ணை மட்டும் தனியாகச் சொல்வதே இல்லை. "பாஸில் 14 என்று இருக்கு தம்பி, ஆனா மேலே டிவி போர்டில் உன் விமான எண் 543-க்கு நேரே என்ன போட்டிருக்குன்னு பாரு, அதுதான் கணக்கு" என்கிறேன்.

நேரத்துக்கு வருவோம். ஒரே பாஸில் இரண்டு நேரம், சிலவற்றில் மூன்று இருக்கும்: ஏறும் நேரம், கேட் மூடும் நேரம், புறப்படும் நேரம். புறப்படும் நேரம் பெரிய எழுத்தில் கண்ணில் பட்டால் அதைத்தான் நாம் சொல்லிவிடுகிறோம். BOARDING அல்லது BRDG என்று இருப்பதுதான் வேண்டும். DEP என்று இருப்பது வேண்டாம். படத்தில் தெரிகிற நேரங்களில் முந்தியதையே சொல்லுங்கள். ஒரே ஒரு நேரம்தான் தெரிகிறது, தலைப்பு மடிப்பில் மறைந்திருக்கிறது என்றால் அதை ஏறும் நேரம் என்று வைத்துக்கொள்ளாமல் படத்தைத் திரும்பக் கேளுங்கள்.

வேன் ஏற்பாடு செய்கிறவர்களுக்கு இன்னொன்று. 27 MAY, 0135 என்றால் அது 26-ஆம் தேதி ராத்திரி கழிந்து வரும் விடியற்காலை. 27-ஆம் தேதி ராத்திரிக்கு வண்டி சொல்லிவிட்டு அழுத குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். கடலூரிலிருந்து விமான நிலையம் போகவே நாலு மணி நேரம் வேண்டும். தேதியோடு கிழமையையும் "எந்த ராத்திரி" என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.

படம் கேட்கும்போது ஃபிளாஷ் போடாமல், பாஸை மேசையில் மடிப்பில்லாமல் வைத்து, நேர் மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் காகிதம் வழவழப்பானது. ஃபிளாஷ் விழுந்த இடத்தில் எழுத்தும் பார்கோடும் வெளுத்துப் போகும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் போடாதீர்கள், பார்கோடு படிக்கும் இணையதளங்களில் ஏற்றாதீர்கள். பி.என்.ஆரும் பெயரும் கிடைத்தால் முன்பின் தெரியாத ஒருவர் அந்த டிக்கெட்டைத் திறந்து பார்க்க முடியும். திரும்பி வரும் டிக்கெட் அதிலேயே இருந்தால் அதில் கைவைக்கவும் வழி உண்டு. அவர் இறங்கிவிட்டேன் என்று சொன்னதும் உங்கள் போனிலிருந்து படத்தை அழித்துவிடுங்கள்.

அன்புடன்,
மஞ்சக்குப்பம் கடைக்காரர் ஒருவர்